மசால் தோசைக்கு உருளைக்கிழங்கு மசாலா: இரண்டு மணி நேரத்தில் பசையாகிவிடுகிறது, என்ன தப்பு?

திருச்சி வசந்தி

போன ஞாயிறு என் நாத்தனார் பெண்ணின் நிச்சயதார்த்தம். காலை டிபனுக்கு மசால் தோசை போடலாம் என்று நானே பொறுப்பேற்றுக்கொண்டேன். இருபத்தைந்து பேர். மூன்று கிலோ உருளைக்கிழங்கு, முக்கால் கிலோ வெங்காயம். காலை ஐந்து மணிக்கு மசாலா முடித்து, ருசி பார்த்தபோது நன்றாகவே இருந்தது. ஹாட் பேக்கில் போட்டு மூடி வைத்தேன்.

எட்டு மணிக்குத் திறந்தால் கோந்து. கரண்டியை எடுத்தால் மசாலா மொத்தமும் கூடவே எழுந்து வருகிறது. வெந்நீர் ஊற்றிக் கிளறினேன், இன்னும் மோசமானது. தோசைக்குள் வைத்துச் சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பெரியவர் ஒருவர் மசாலாவை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சட்னியோடு தோசையை மட்டும் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

ஹோட்டலில் எப்படிக் காலை ஆறு முதல் பத்து வரை அதே மசாலா ஈரமாக, உதிர் உதிராக இருக்கிறது? எண்ணெய் அதிகம் விடுகிறார்களா?

பூரிப்பிரியன்

கடலை மாவு கரைத்து ஊற்றவில்லையா? அதுதான் குறை. இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதிக்கவிட்டு இறக்குங்கள். பூரிக்கு நான் எப்போதும் அப்படித்தான். தளதளவென்று இருக்கும். தக்காளி ஒன்று போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

திருச்சி வசந்தி

நீங்கள் சொல்வது பூரிக் கிழங்கு. தளதளவென்று தோசைக்குள் வைத்தால் தோசை நனைந்து தொளதொளத்துவிடுமே. எனக்குத் தோசைக்குள் நிற்க வேண்டும், ஆனால் தொண்டையில் அடைக்கக்கூடாது.

பூரிப்பிரியன்

ஓ, தோசையா. தலைப்பைச் சரியாகப் படிக்கவில்லை. ஆனாலும் கடலை மாவு கொஞ்சம் போட்டால் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சட்டுவம்

வசந்தி அம்மா, பதில் சொல்வதற்கு முன்னால் சில கேள்விகள். கிழங்கை முழுசாக வேகவைத்தீர்களா, வெட்டியா? குக்கரில் எத்தனை விசில்? எதை வைத்து மசித்தீர்கள்? எட்டு மணிக்குள் எத்தனை தடவை திறந்து கிளறினீர்கள்? இது தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான் கோவையிலும் பிறகு சென்னையிலுமாக இருபத்திரண்டு வருடம் தோசைக்கல்லில் நின்றவன். மசாலா போடுவது தனி ஆள். ஆனால் அவர் வராத நாளில் நான்தான்.

திருச்சி வசந்தி

நேரம் மிச்சமாகட்டும் என்று தோல் சீவி, இரண்டாக வெட்டி, மூழ்கத் தண்ணீர் விட்டு ஐந்து விசில். பருப்பு மத்தால் நன்றாக மசித்தேன், சூடாக இருக்கும்போதே. ஆறரைக்கு ஒரு தடவை, ஏழே காலுக்கு ஒரு தடவை, எட்டு மணிக்கு வெந்நீர் விட்டு ஒரு தடவை கிளறினேன்.

சட்டுவம்

சரி, இங்கேயே மூன்று விஷயம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் கோந்து.

முதலில் வேகவைத்த விதம். வெட்டிய முகத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஐந்து விசிலில் ஓரமெல்லாம் கரைந்து மாவாகிவிட்டிருக்கும். குக்கரைத் திறந்தபோது தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியிருந்ததா, கண்ணாடி போல இருந்ததா? கலங்கியிருந்தால் கிழங்கிலிருந்து மாவுச்சத்து ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். கழுவி வடித்தாலும் கொஞ்சம் கிழங்கின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

தோலோடு முழுக் கிழங்காக, ஒரே அளவாகப் பார்த்துப் பொறுக்கிப் போடுங்கள். குக்கரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே தட்டில் கிழங்கை வைத்து ஆவியில் வேகவையுங்கள். எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய கிழங்கென்றால் மூன்று விசில், அப்புறம் அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கவேண்டும். கத்தியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்கவேண்டும், ஆனால் கிழங்கு கத்தியில் உடைந்து விழக்கூடாது. தோல் வெடித்து வெள்ளையாக மலர்ந்திருந்தால் அதிகம் வெந்துவிட்டது.

இரண்டாவது மத்து. எங்கள் சமையலறையில் மசாலாவுக்கு மத்தோ மிக்ஸியோ வரவே வராது. கை. ஆவி பறப்பது நின்று, கை தாங்கும் சூட்டில் தோலுரித்து, உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தினால் கிழங்கு தானே பிளக்கும். அதை விரலால் இரண்டு தடவை நொறுக்கினால் போதும். பாதி கட்டைவிரல் நுனி அளவுத் துண்டு, மீதி உதிரி. அந்த உதிரிதான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மசாலாவைச் சேர்த்து நிறுத்தும். துண்டுகள்தான் வாயில் ஈரமாகத் தெரியும்.

மூன்றாவது, திறந்து திறந்து கிளறியது. அதைப் பிறகு எழுதுகிறேன், பேரன் பள்ளியிலிருந்து வந்துவிட்டான்.

ரமணி மாமி

மத்தால் மசிப்பதில் தப்பில்லை, எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக மத்துதான். கோந்தானதற்குக் காரணம் கிழங்கு வகை. அது பழைய கிழங்காக இருந்திருக்கும். எப்போதும் புதுக் கிழங்கு வாங்கினால் இந்தத் தொல்லையே வராது. அப்புறம் கடலை மாவு பற்றிப் பூரிப்பிரியன் சொன்னது சரிதான். ஒரு ஸ்பூன் கடலை மாவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மண்டிவாசி

மாமி, புதுக் கிழங்கு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். காய்கறி மண்டியில் பதினெட்டு வருடமாக உருளை, வெங்காயம்தான் என் தொழில்.

புதுக் கிழங்கு என்றால் கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரியும். உள்ளே ஈரம் அதிகம், வேகவைத்தாலும் உடையாமல் வழவழவென்று நிற்கும். பொரியலுக்கு, குருமாவுக்கு அது ராஜா. ஆனால் மசாலாவுக்கு நொறுங்கவே நொறுங்காது. நொறுங்கவில்லையே என்று ஆத்திரத்தில் எல்லோரும் மத்தை எடுத்துக் குத்துவார்கள். அங்கேதான் கோந்து ஆரம்பம். மாமி வீட்டில் நாற்பது வருடமாக ஆகவில்லை என்றால் மாமியின் கை மெதுவான கை.

ரொம்பப் பழசும் ஆகாது. வடக்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரை தோண்டுகிற கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் ஏற்றி, ஐப்பசி வரைக்கும் அதைத்தான் இறக்குகிறார்கள். அதில் சில சமயம் மசாலா இனிக்கும். குளிரில் இருக்கும்போது கிழங்கின் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறிவிடுகிறது. அப்படி இனிக்கிற கிழங்கு கிடைத்தால் சாக்கில் கொட்டி, இருட்டான இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் வெளியே வைத்துவிட்டுப் பிறகு செய்யுங்கள், இனிப்பு குறையும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் பச்சைக் கிழங்கை வைக்காதீர்கள், அதே கதைதான்.

மசாலாவுக்கு நான் எடுத்துக்கொடுப்பது தோல் இறுகி, தேய்த்தால் உரியாத, ஆனால் சுருங்காத, முளைவிடாத நடுத்தரக் கிழங்கு. நீலகிரிக் கிழங்கு கிடைத்தால் அது. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும், செம்மண் ஒட்டியிருப்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம். விலை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சில கடைகளில் சமவெளிக் கிழங்கின் மேல் செம்மண் பூசி வைப்பதும் உண்டு, ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.

ரொறொன்ரோ குமரன்

இங்கே எனக்கு இதற்கு நேர்மாறான பிரச்சினை. நான் பாவித்தது ரஸ்ஸெட் கிழங்கு, நீளமாக, பழுப்புத் தோலோடு இருக்கும். அவித்து இறக்கினால் தொட்டவுடனே மாவாகப் போய்விடுகிறது. தண்ணீர் எவ்வளவு விட்டாலும் குடித்துவிட்டு, பிறகும் வறண்டு கிடக்கிறது. மனிசி சொன்னா, இது மசாலா இல்லை, சுண்ணாம்பு என்று. ஊரில் அம்மா செய்யும் கிழங்குப் பிரட்டல் இப்படி ஒருநாளும் வந்ததில்லை. என்ன கிழங்கு வாங்க வேண்டும்?

மண்டிவாசி

அண்ணா, கனடாக் கிழங்கை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மாவுக் கிழங்கு. ரொம்ப வழவழப்பும் இல்லாமல், ரொம்ப மாவும் இல்லாமல் நடுவில் உள்ளதைத் தேடுங்கள்.

ஆய்வகத்து அகிலா

குமரன் அண்ணா, யூகான் கோல்ட் என்று மஞ்சள் சதையோடு ஒன்று அங்கே கிடைக்கும், அது அந்த நடு ரகம். ரஸ்ஸெட்தான் கையில் இருக்கிறது என்றால் அவிப்பதைக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்துங்கள், துண்டுகளைப் பெரிதாக விடுங்கள்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். சட்டுவம் ஐயா சொன்னதற்குக் காரணம் மட்டும் சொல்கிறேன். கிழங்கின் சதை முழுவதும் சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் மாவுச்சத்து மணிகள். வேகும்போது அந்த மணிகள் பைக்குள் இருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பிக் கூழாகின்றன. பைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பொருளும் அதே சூட்டில் இளகிவிடுகிறது. அதனால் மெதுவாக அழுத்தினால் பைகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அதுதான் உதிர்வது. மத்தால் குத்தினாலோ கரண்டியால் அரைத்தாலோ பைகள் கிழிந்து கூழ் வெளியே வருகிறது. அது வெளியே வந்தபின் பசைதான். போஸ்டர் ஒட்டுகிற பசையும் வெந்த மாவுதானே.

வசந்தி அக்கா எட்டு மணிக்கு வெந்நீர் விட்டுக் கிளறியபோது மோசமானதும் இதனால்தான். தண்ணீர் தப்பில்லை, கிளறியதுதான் தப்பு.

விரலில் தேய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நல்ல மசாலா மணல் மணலாகப் பிரியும். கெட்டது இரண்டு விரலுக்கும் நடுவில் இழுபடும்.

ரமணி மாமி

சரி, மத்தை விட்டுக்கொடுக்கிறேன். கடலை மாவை விடமாட்டேன்.

சட்டுவம்

மாமி, கடலை மாவு பாதி சரி. அது தண்ணீர் பிரிந்து ஓடாமல் பிடித்து நிறுத்தும். மண்டித் தம்பி சொன்ன வழவழக் கிழங்கில் செய்தால் தண்ணீர் தனியே, கிழங்கு தனியே நிற்கும். அங்கே அரை கிலோவுக்கு ஒரு சின்ன ஸ்பூன் மாவைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து விட்டால் சேர்ந்துகொள்ளும். நன்றாக உதிர்கிற கிழங்கில் அது வேண்டவே வேண்டாம், உதிரியே அந்த வேலையைச் செய்கிறது. வசந்தி அம்மா வீட்டில் நடந்ததுபோல ஏற்கெனவே பசை வந்த மசாலாவில் கடலை மாவு விட்டால் பசைக்கு மேல் பசை. ஆற ஆற இறுகும் வேறு. சில கடைகளில் கிழங்கை மிச்சம் பிடிக்கவே போடுகிறார்கள் என்பதும் உண்மை. அந்த மசாலா ஆறியதும் கேக் போல வெட்டலாம்.

இப்போது ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். எண்ணெயிலிருந்து அல்ல. வெங்காயத்திலிருந்தும், வெங்காயம் வெந்த தண்ணீரிலிருந்தும்.

ஒரு கிலோ கிழங்குக்கு அரை கிலோ வெங்காயம். வசந்தி அம்மா மூன்று கிலோவுக்கு முக்கால் கிலோ போட்டிருக்கிறார், அது பாதிதான். நீளவாக்கில், ரொம்ப மெல்லிசாக இல்லாமல் அரிந்துகொள்ளுங்கள். ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, ஏழெட்டுப் பச்சை மிளகாய், ஒரு பெரிய துண்டு இஞ்சி பொடியாக நறுக்கியது. அப்புறம் வெங்காயம், உப்பு. வெங்காயம் கண்ணாடியாகவேண்டும், சிவக்கக்கூடாது. சிவந்தால் அதன் தண்ணீர் எல்லாம் போய்விட்டது, இனிப்பும் தூக்கும்.

கண்ணாடியானதும் மஞ்சள்தூள் போட்டு ஒன்றரை டம்ளர் தண்ணீர். சின்ன டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 300 மில்லியிலிருந்து 350 வரை. மூடி நான்கைந்து நிமிடம் கொதிக்கட்டும். வெங்காயம் குழையாமல், ஆனால் பல்லில் சத்தம் வராமல் வெந்திருக்கும். முழுக் கிழங்குக்கும் சேர்த்த உப்பை இந்தத் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் உப்புப் போட்டால் அதைக் கலக்கவே நான்கு தடவை கிளற வேண்டியிருக்கும்.

கொதிக்கும்போது நொறுக்கிய கிழங்கைத் தூவுங்கள். தோசைத் திருப்பியை அடியில் விட்டுத் தூக்கிப் புரட்டுங்கள், நாலே நாலு புரட்டு. குத்தக்கூடாது, சுழற்றக்கூடாது. சின்னத் தீயில் மூடி மூன்று நிமிடம். அணைத்தபின் கொத்தமல்லி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு.

இறக்கும்போது அது உங்களுக்குத் தளர்வாகத் தெரியவேண்டும். ‘அடடா, தண்ணியாகிவிட்டதே’ என்று மனசு சொல்கிற பதம்தான் சரியான பதம். பத்து நிமிடத்தில் கிழங்கு அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும். பதம் பார்க்க, ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக நகரவேண்டும், ஆனால் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து வழியக்கூடாது. வழிந்தால் இன்னொரு நிமிடம் திறந்து வையுங்கள். நகரவே இல்லை என்றால் அப்போதே கொஞ்சம் வெந்நீர் தெளியுங்கள், எட்டு மணி வரை காத்திருக்க வேண்டாம்.

பெங்களூர் பாலாஜி

இங்கே இவ்வளவு ஈரமாக வைப்பதில்லை. பல்யா கொஞ்சம் வறண்டே இருக்கும், தோசையின் உள்பக்கம் சிவப்புச் சட்னி தடவி, அதன்மேல் ஒரு உருண்டை. எனக்கு அதுதான் பிடிக்கும். நீங்கள் சொல்கிற ஈரத்தில் செய்தால் இங்கத்துக் கனமான, நெய் ஊறிய தோசை தாங்குமா தெரியவில்லை.

சட்டுவம்

அது வேறு தோசை, தம்பி. சட்னியே அங்கே ஈரம் கொடுத்துவிடுகிறது. மசாலாவும் ஈரமாக இருந்தால் கூழாகிவிடும்.

திருச்சி வசந்தி

கஞ்சித் தண்ணீர் கேட்டீர்களே, ஆமாம், கலங்கித்தான் இருந்தது. வீணாக்கக்கூடாது என்று அதிலேயே ஒரு டம்ளர் எடுத்து மசாலாவில் விட்டேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆய்வகத்து அகிலா

அக்கா, அதுதான் பெரிய கையாகப் போயிருக்கும். கரைத்த மாவை நேராக ஊற்றியது மாதிரி.

ரொறொன்ரோ குமரன்

ஒரு சந்தேகம். கிழங்கை முதல்நாளே அவித்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் உதிர்த்தால் பசையே வராது என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஐயா சூட்டோடு உடைக்கச் சொல்கிறார். எது சரி?

ஆய்வகத்து அகிலா

உங்கள் நண்பர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. குளிர்ந்தால் உள்ளே இருக்கும் கூழ் இறுகிவிடும், பிறகு கிழிந்தாலும் அவ்வளவு ஒட்டாது. நான் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன், எனக்கு நன்றாகவே வருகிறது.

சட்டுவம்

எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, அகிலா அம்மா. குளிர்ந்த கிழங்கு உதிராது, கட்டியாக வெட்டுப்படும். அந்தக் கட்டி மசாலாத் தண்ணீரை உள்ளே இழுக்காது. உப்பு வெளியே நிற்கும், கிழங்கு உள்ளே சப்பென்று இருக்கும். வாயில் போட்டால் மசாலா தனி, கிழங்கு தனி.

ஆய்வகத்து அகிலா

உப்புப் போட்ட தண்ணீரில் அவித்தால் அந்தக் குறை இருக்காது, ஐயா. தோலோடு என்றால் அவ்வளவாக உள்ளே போகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல்நாளே வேலை முடிகிறதே, அது பெரிய வசதி.

சட்டுவம்

வசதிதான். நான் ருசியைச் சொல்கிறேன்.

ரமணி மாமி

இரண்டு பேரும் சரியென்று வைத்துக்கொள்ளலாம். தக்காளி போடலாமா என்று யாரும் சொல்லவே இல்லையே?

சட்டுவம்

தோசை மசாலாவுக்கு நாங்கள் போடுவதில்லை. போட ஆசையென்றால் கிழங்கு முழுசாக வெந்திருக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கிழங்கைப் புளிப்பில் போட்டால் அதற்கப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது, நறுக் நறுக்கென்று நிற்கும். எலுமிச்சையைக் கடைசியில் பிழியச் சொன்னது ருசிக்காக.

இப்போது விட்டுப்போன மூன்றாவது விஷயம். நேரம். நல்ல மசாலாவும் ஆற ஆற இறுகும், அதைத் தடுக்க முடியாது. ஹோட்டலில் நான்கு மணி நேரமும் ஒரே சட்டி இருப்பதாக நீங்கள் நினைப்பதுதான் தப்பு. நாங்கள் காலையில் இரண்டு மூன்று தடவை போடுவோம். கிழங்கு வெந்து உதிர்த்து ஒரு பெரிய தட்டில் துணி மூடி இருக்கும். வெங்காயத் தாளிப்பு தண்ணீரோடு தனியாகக் கொதித்துத் தயாராக இருக்கும். ஒரு சட்டி தீரும் நேரத்தில் அடுத்த சட்டியில் தாளிப்பைச் சூடாக்கிக் கிழங்கைப் புரட்டினால் ஐந்து நிமிடம்.

ஹாட் பேக்கில் இன்னொரு தொல்லை, மூடியில் ஆவி தண்ணீராகி மேலே சொட்டும். மேலே நீர்த்து, அடியில் இறுகும். அதைச் சமமாக்க நீங்கள் கிளறுவீர்கள். கிளறினால் என்ன ஆகும் என்று அகிலா அம்மா சொல்லிவிட்டார். மூடிக்கு அடியில் சுத்தமான பருத்தித் துணி ஒன்றைப் போட்டு மூடுங்கள், சொட்டாது.

இறுகிய மசாலாவை இளக்க, ஒரு ஓரத்தில் வெந்நீர் இரண்டு கரண்டி தெளித்து, கிளறாமல் சின்னத் தீயில் மூடி நான்கு நிமிடம் வையுங்கள். சூடேறும்போது தானே இளகிக்கொடுக்கும். அப்புறம் ஒரே ஒரு புரட்டு.

பூரிப்பிரியன்

ஏற்கெனவே கோந்தாகிவிட்டால்?

சட்டுவம்

போண்டா. உருண்டை பிடிக்க அதைவிட நல்ல மசாலா கிடையாது. எத்தனையோ கடைகளில் மாலை போண்டாவின் ரகசியம் காலை மசாலாதான். அதற்காகக் காலையிலிருந்து மாலை வரை வெளியே வைத்ததைப் போடாதீர்கள், ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

திருச்சி வசந்தி

நேற்றும் இன்றும் செய்து பார்த்தேன், அப்படியே எழுதுகிறேன்.

நேற்று ஒரு கிலோ கிழங்கு. தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கியது, தோல் உரியவில்லை, செம்மண்ணும் இல்லை. தட்டில் வைத்து மூன்று விசில். இரண்டு பெரிய கிழங்கு நடுவில் வேகவில்லை, அதை எடுத்துவிட்டேன். ஒரே அளவாகப் பொறுக்குங்கள் என்று ஐயா சொன்னது அப்போதுதான் உறைத்தது. அரை கிலோ வெங்காயம், 350 மில்லி தண்ணீர். கிழங்கைக் கையால் உதிர்த்தேன். இறக்கும்போது ரொம்பத் தளர்வாக இருந்தது, பயத்தில் இரண்டு நிமிடம் திறந்து வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் இறுக்கம். ஆனால் பசை இல்லை, விரலில் மணல் மணலாகத்தான் இருந்தது.

இன்று பயப்படாமல் அப்படியே இறக்கினேன். ஏழரைக்கு இறக்கி, துணி போட்டு மூடி, ஒன்பதே காலுக்குத் திறந்தேன். கரண்டியிலிருந்து பொத்தென்று விழுந்தது. அடியில் கொஞ்சம் இறுகியிருந்தது, தெளித்து மூடி வைத்ததும் சரியானது. என் வீட்டுக்காரர் கிண்ணத்தில் தனியாகவே இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார்.

இன்னும் ஒரு கேள்வி. இந்த ஈரத்தில் தோசைக்குள் வைத்தபோது முதல் தோசை நடுவில் நமத்துவிட்டது. இரண்டாவது தோசை நன்றாக இருந்தது. ஏன் என்று புரியவில்லை.

சட்டுவம்

முதல் தோசையில் மசாலாவைச் சீக்கிரம் வைத்திருப்பீர்கள், மாவின் மேல்பக்கம் ஈரமாக இருக்கும்போதே. மேலே முழுக்க வெள்ளை போய், அடியில் சிவந்து, ஓரம் தானே எழும்பிய பிறகு வையுங்கள். வைத்து அரை நிமிடத்தில் மடித்துத் தட்டுக்குப் போய்விடவேண்டும். மசாலாவைப் பரப்பாதீர்கள், நடுவில் நீளமாக ஒரு கோடு. கொதிக்கக் கொதிக்க வைத்தாலும் ஆவி தோசையை நமத்துவிடும். வெதுவெதுப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும்.

ரமணி மாமி

நானும் இன்று கடலை மாவு இல்லாமல் செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் மாமனார் ‘ஏதோ குறைகிறதே’ என்றார்.

மண்டிவாசி

வசந்தி அக்கா, அடுத்த விசேஷத்துக்கு மூன்று கிலோ வாங்கும்போது ஒரே அளவுக் கிழங்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொட்டி வைத்த குவியலில் கைவிட்டுப் பொறுக்கினால் கடைக்காரர் முறைப்பார், காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் முறைக்கமாட்டார்.